ஒரே தாமதம், இரண்டு மெயில்: ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் எழுதும்போது எதை மாற்ற வேண்டும், எதை மாற்றக்கூடாது

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிலில் இருப்பவர்களுக்குக் காலையில் ஜப்பான், மதியத்துக்கு மேல் ஜெர்மனி. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஜெர்மனி கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் வருகிறது. இரண்டு பக்கத்துக்கும் நாம் எழுதுவது ஒரே ஆங்கிலம்தான். ஆனால் ஒரு பக்கம் சரியாகப் போய்ச் சேரும் மெயில் இன்னொரு பக்கம் குழப்பத்தையோ மனக்கசப்பையோ உண்டாக்கிவிடுகிறது.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனை, ஜெர்மன்காரருக்கு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுது, ஜப்பான்காரருக்குச் சுற்றி வளைத்து எழுது என்பது. இதை அப்படியே பின்பற்றினால் இரண்டு இடத்திலும் அடி விழும். மாற்ற வேண்டியது செய்தியின் ஓரங்களைத்தான்: எந்த வரிசையில் சொல்கிறோம், குறையை எவ்வளவு மென்மையாக்குகிறோம், யாரை சிசியில் வைக்கிறோம் என்பவை. தேதி, எண்ணிக்கை, காரணம் ஆகிய மூன்றும் எந்த நாட்டுக்கு எழுதினாலும் ஒரே கூர்மையில் இருக்க வேண்டும்.

ஒரு மாதிரிச் சம்பவத்தை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். பிரேக் பெடலைத் தாங்கும் பிராக்கெட் ஒன்றுக்கு நம் லேபில் டெஸ்ட் நடக்கிறது. மொத்தம் 8 சாம்பிள். அறிக்கையை செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறோம். 8-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, விசையை அளக்கும் லோட் செல் தப்பான அளவு காட்டுவது தெரியவருகிறது. முதல் 5 சாம்பிளின் முடிவு சரி. கடைசி 3 சாம்பிளை மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும். அறிக்கை 16-ஆம் தேதி புதன்கிழமைதான் தயாராகும். இதை ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் எஞ்சினியருக்கும் நகோயாவில் இருக்கும் எஞ்சினியருக்கும் சொல்ல வேண்டும்.

படி 1: மரியாதையை ஒதுக்கிவிட்டு எலும்புக்கூட்டை எழுதுங்கள்

மெயிலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, அவர்களுக்கு என்ன மாறுகிறது, நாம் என்ன செய்கிறோம், அவர்களிடம் நமக்கு என்ன வேண்டும். நம் சம்பவத்தில் அது இப்படி வரும்: லோட் செல் விலகல், 3 சாம்பிள் செல்லாது. 11-க்குப் பதில் 16. புதன், வியாழன் கேலிப்ரேஷன். வெள்ளி, திங்கள், செவ்வாய் நாளுக்கு ஒரு சாம்பிள் வீதம் மறு டெஸ்ட் (நடுவில் வரும் சனி, இரண்டாம் சனி விடுமுறை). 5 சாம்பிளின் முடிவை மட்டும் இடைக்கால அறிக்கையாக இப்போதே அனுப்பட்டுமா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

இந்த நான்கும் எழுத வரவில்லை என்றால் பிரச்சினை மெயிலில் இல்லை. புதிய தேதி என்னவென்று உங்களுக்கே இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். அப்படியானால் டெஸ்ட் செய்பவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

படி 2: நாட்டைப் பார்க்காதீர்கள், அவருடைய பழைய மெயில்களைப் பாருங்கள்

ஜெர்மன்காரர் என்றால் இப்படி, ஜப்பான்காரர் என்றால் இப்படி என்பது தொடங்குவதற்கு ஒரு ஊகம், அவ்வளவுதான். பல வருடம் இந்தியக் குழுக்களோடு வேலை செய்த ஜெர்மானியர் நம்மைவிடப் பதமாக எழுதுவார். அமெரிக்காவில் படித்த ஜப்பானிய எஞ்சினியர் இரண்டே வரியில் முடிப்பார். அதனால் அவர் எழுதிய கடைசி நாலைந்து மெயில்களை எடுத்து மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அவருடைய கேள்வி எத்தனையாவது வரியில் வருகிறது. முதல் வரியிலேயே வந்தால் உங்கள் பதிலும் முதல் வரியிலேயே வரலாம். நலம் விசாரிப்பு, நன்றி, பின்னணி எல்லாம் முடிந்து ஐந்தாவது வரியில் வந்தால், அவரிடம் நேராக விஷயத்துக்குப் போவது கதவைத் தட்டாமல் நுழைவதாகத் தெரியும். இரண்டாவது, வேண்டாம் என்று அவர் எப்படிச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது, ஒரு தவறைச் சுட்டிக்காட்டும்போது யாரையெல்லாம் சிசியில் வைத்தார். இந்த மூன்றாவதைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். வார்த்தையைவிட சிசி வரி அதிகமாகப் பேசும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விவரத்தை முழுக்க எடுத்துச் சொல்வதும், குறையை முகத்துக்கு நேரே சொல்வதும் வேறு வேறு பழக்கங்கள். பல அமெரிக்கர்கள் முதலாவதில் வெகு தெளிவு. ஆனால் குறை சொல்லும்போது முன்னும் பின்னும் பாராட்டு வைப்பார்கள். பிரிட்டிஷ்காரர் ஒருவர் உங்கள் யோசனையை மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று எழுதினால் அது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நெதர்லாந்துக்காரர்கள் இரண்டிலும் நேரடி. ஆகவே ஒருவர் நேரடியா மறைமுகமா என்ற ஒற்றைக் கேள்வி போதாது. எந்த விஷயத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

படி 3: ஸ்டுட்கார்ட்டுக்கு எழுதுவது

இந்த மெயிலில் மாற்றம் சப்ஜெக்ட் வரியிலேயே இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்போவதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

> சப்ஜெக்ட்: பெடல் பிராக்கெட் டெஸ்ட் அறிக்கை: புதிய தேதி 16 செப்டம்பர் (KW 38)
>
> வணக்கம். டெஸ்ட் அறிக்கை 11 செப்டம்பர் வெள்ளிக்கிழமை வராது. புதிய தேதி 16 செப்டம்பர் புதன், உங்கள் நேரம் பகல் 12 மணி.
>
> காரணம்: லோட் செல் அளவு விலகியிருப்பதை இன்று கண்டுபிடித்தோம். 8 சாம்பிளில் கடைசி 3-இன் முடிவு செல்லாது. முதல் 5 சரி. இரண்டாவது கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டோம்.
>
> திட்டம்: 9, 10 தேதிகளில் கேலிப்ரேஷன். 11, 14, 15-இல் மறு டெஸ்ட், நாளுக்கு ஒன்று.
>
> உங்களிடம் கேள்வி: 5 சாம்பிளின் முடிவை இடைக்கால அறிக்கையாக இப்போதே அனுப்பட்டுமா? வியாழன் 10-ஆம் தேதிக்குள் பதில் தேவை.
>
> தாமதத்துக்கு வருந்துகிறோம்.

அந்த KW என்பது வருடத்தின் எத்தனையாவது வாரம் என்று ஜெர்மானிய அலுவலகங்களில் தேதி குறிக்கும் வழக்கம். வேலைத்திட்டமெல்லாம் அங்கே வார எண்ணில்தான் ஓடும். அதைச் சேர்த்துக் கொடுத்தால் அவர் காலண்டரைப் புரட்ட வேண்டியதில்லை.

வருத்தம் ஒரே வரியில், அதுவும் கடைசியில் வருவதைக் கவனியுங்கள். நம் கைப்பழக்கத்தில் மன்னிப்புதான் முதலில் வரும். ஆனால் மூன்று வரி மன்னிப்பைப் படிக்கும் அவருக்கு, ஏதோ பெரிய விஷயத்தை மறைக்கிறார்களோ என்ற எண்ணம் வரும். முதல் 5 சாம்பிள் சரி என்பதை எப்படி உறுதி செய்தோம் என்று சொன்ன அந்த அரை வரி, மன்னிப்பைவிட அவருக்கு அதிக நிம்மதி தரும்.

இங்கே சில தொடர்களைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். 'வில் ட்ரை அவர் பெஸ்ட்' என்று நாம் எழுதுவது, முடியாமல் போகலாம் என்ற நாசூக்கான முன்னறிவிப்பு. அவர் அதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டு, அதை நம்பி மேலே இரண்டு வேலையைத் திட்டமிட்டுவிடுவார். சந்தேகம் கேட்பதாக நினைத்து 'ஐ ஹேவ் எ டவுட்' என்று எழுதினால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று அவருக்குக் கேட்கும். கேள்வி இருக்கிறது என்று எழுதினால் போதும். 'ஸ்மால் டிலே' வேண்டவே வேண்டாம். சிறியதா பெரியதா என்பதைத் தேதி சொல்லும்.

அவரிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் வறட்சியாக இருக்கும். "சரி. இடைக்கால அறிக்கையை அனுப்பவும். லோட் செல்லை ஏன் முன்பே சரிபார்க்கவில்லை?" இதைப் படித்துக் கோபப்படவோ பயப்படவோ வேண்டாம். அது நிஜமாகவே ஒரு கேள்வி. கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்த்தோம், அடுத்தது எப்போது என்று பதில் எழுதினால் அத்தோடு முடிந்துவிடும். ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வேபியா பகுதியில், திட்டாமல் இருந்தாலே பாராட்டியதாக வைத்துக்கொள் என்று ஒரு சொலவடை உண்டு. அங்கிருந்து வரும் மெயிலில் பாராட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

படி 4: நகோயாவுக்கு எழுதுவது

முதல் விதி, தாமதம் தெரிந்த அன்றே சொல்வது. மறைமுகமாகப் பேசும் மக்கள் என்பதால் கெட்ட செய்தியை மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்து இரண்டு நாள் ஆறப்போடுபவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய தவறு இங்கே கிடையாது. ஜப்பானிய நிறுவனங்களில் வேலைக்குச் சேருபவருக்குத் தொடக்கத்திலேயே 'ஹோரென்சோ' என்று ஒன்றைச் சொல்லித்தருவார்கள்: அறிக்கை கொடு, தகவல் சொல், கலந்து பேசு. முடிவு தெரியும்வரை காத்திராமல், பிரச்சினை தெரிந்ததுமே சொல்ல வேண்டும் என்பது அதில் அடக்கம். மென்மை வார்த்தையில் இருக்கட்டும், வேகத்தில் வேண்டாம். விஷயம் பெரிதாக இருந்தால் முதலில் ஒரு போன், அப்புறம் மெயில்.

> சப்ஜெக்ட்: பெடல் பிராக்கெட் டெஸ்ட் அட்டவணை குறித்து ஒரு வேண்டுகோள்
>
> (குடும்பப் பெயர்) சான், எப்போதும் தாங்கள் தரும் ஒத்துழைப்புக்கு நன்றி.
>
> பிராக்கெட் டெஸ்ட் பற்றித் தங்களிடம் தெரிவித்துக் கலந்து பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது.
>
> இன்று டெஸ்டின்போது லோட் செல் அளவில் விலகல் இருப்பது தெரியவந்தது. சாம்பிள் 1 முதல் 5 வரையிலான முடிவுகள் சரி என்பதை இரண்டாவது கருவியோடு ஒப்பிட்டு உறுதி செய்துள்ளோம். 6, 7, 8 ஆகிய மூன்றையும் மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டியுள்ளது.
>
> இதனால் முழு அறிக்கையை 11 செப்டம்பர் தருவது கடினமாக உள்ளது. சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். 16 செப்டம்பர் புதன், தங்கள் நேரம் மாலை 5 மணிக்குத் தர அனுமதிக்க இயலுமா? நாள்வாரித் திட்டத்தை இணைத்துள்ளோம்.
>
> இனி ஒவ்வொரு சாம்பிளுக்கு முன்பும் லோட் செல்லைச் சரிபார்ப்போம். காரண ஆய்வை 18 செப்டம்பர் அனுப்புகிறோம்.
>
> இந்த மாற்றத்தால் தங்கள் வேலைத்திட்டத்துக்கு இடைஞ்சல் இருந்தால் தயங்காமல் தெரிவியுங்கள். 5 சாம்பிளின் முடிவை முன்கூட்டியே அனுப்பவும் தயாராக இருக்கிறோம்.

இரண்டு மெயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 16 இரண்டிலும் 16-தான். 3 சாம்பிள் இரண்டிலும் 3-தான். ஜப்பான் மெயிலில் மாறியவை: பின்னணி முன்னால் வந்திருக்கிறது, தேதி வேண்டுகோளாக வந்திருக்கிறது, மறுபடி நடக்காமல் என்ன செய்கிறோம் என்பது கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. இந்த மூன்றாவது விஷயம் முக்கியம். தாமதத்தை ஒப்புக்கொண்டால் கூடவே காரண ஆய்வும் தடுப்பு நடவடிக்கையும் வரும் என்று அங்கே எதிர்பார்ப்பார்கள். அது இல்லாத மன்னிப்பு எவ்வளவு நீளமானாலும் அரைகுறைதான்.

'கடினமாக உள்ளது' என்பதை நகோயாவில் முடியாது என்று சரியாகவே படிப்பார்கள். அதே வரியை ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பினால், கஷ்டம்தான், ஆனாலும் முடித்துவிடுவார்கள் என்று படிப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அறிக்கை எங்கே என்று மெயில் வரும். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்கு அப்படியே காப்பி செய்யக்கூடாது என்பது இதற்காகத்தான்.

நம் குழுவில் யார் தவறு என்று பெயர் சொல்ல வேண்டாம். இரண்டு நாட்டுக்கும் இது பொருந்தும். ஜப்பானுக்குச் சொன்னால், உங்கள் ஆளைக் காட்டிக்கொடுத்த உங்களைப் பற்றித்தான் அபிப்பிராயம் குறையும்.

படி 5: அவர்களுடைய தவறைச் சுட்டிக்காட்டுவது

நம் தாமதத்தைச் சொல்வதைவிட இது கஷ்டம். அவர்கள் அனுப்பிய டிராயிங்கில் இரண்டாம் பக்கத்தில் துளையின் விட்டம் 8.5 மி.மீ., மூன்றாம் பக்கத்தில் 8.2 மி.மீ. என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம்.

ஜெர்மனிக்கு: "டிராயிங்கில் முரண்பாடு இருக்கிறது. பக்கம் 2-இல் 8.5, பக்கம் 3-இல் 8.2. எது சரி? பதில் வரும்வரை துளையிடும் வேலையை நிறுத்தியிருக்கிறோம்." இவ்வளவு போதும். குற்றம் டிராயிங் மீது, ஆள் மீது இல்லை. அங்கே அவர்கள் அதைப் பிரித்தே பார்ப்பார்கள். ஒருவேளை நாங்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று நீங்கள் இழுத்தால், 'சரி, மறுபடி படித்துப் பாருங்கள்' என்று அவர் பதில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஜப்பானுக்கு இதே கேள்வியைச் சம்பந்தப்பட்ட எஞ்சினியருக்கு மட்டும் முதலில் அனுப்புங்கள். அவருடைய மேலாளரும் உங்கள் மேலாளரும் சிசியில் இருக்கக்கூடாது. "துளையின் அளவை உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புகிறோம். பக்கம் 2-இல் 8.5 என்றும் பக்கம் 3-இல் 8.2 என்றும் பார்க்கிறோம். 8.5-ஐ வைத்து மேற்கொண்டு போகலாம் என்று எண்ணுகிறோம், சரியாக இருக்குமா?" தவறு என்ற சொல்லே இல்லை. ஆனால் இரண்டு எண்ணும் இரண்டு பக்கமும் பளிச்சென்று இருக்கின்றன. அவர் சப்தமில்லாமல் திருத்திய டிராயிங்கை அனுப்புவார். அதற்கு நன்றி சொல்லும் மெயிலில் பழைய முரண்பாட்டை மறுபடி எடுக்காதீர்கள்.

பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் இந்த நாசூக்கு ஒரு நாள்தான். பிரேக் பாகத்தில் அளவு முரண்பாட்டுக்குப் பதில் வராவிட்டால் போன் செய்யுங்கள். அப்புறமும் வராவிட்டால் மேலாளர்கள் வழியாகப் போங்கள். எந்தக் கலாச்சாரத்திலும் இதை யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள்.

படி 6: பதிலைச் சரியாகப் படிப்பது

நாம் எழுதுவதைச் சரிசெய்தால் மட்டும் போதாது. நகோயாவிலிருந்து 'பரிசீலிக்கிறோம்' என்று மட்டும் வந்து, யார், எப்போது என்று எதுவும் இல்லாவிட்டால் அதைப் பெரும்பாலும் மறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பேசிவிட்டு வியாழன் சொல்கிறோம் என்று தேதியோடு வந்தால் நிஜமாகவே பேசுகிறார்கள். அட்டவணையை மறுபடி உறுதிப்படுத்த முடியுமா என்று நீங்கள் ஏற்கெனவே சொன்ன விஷயத்தையே கேட்டால், அவர்களுக்குத் தேதி தெரியாமல் இல்லை, 16 பிடிக்கவில்லை. அதற்கு 16 என்று திரும்ப எழுதாமல், தங்களுக்கு எந்தத் தேதி வரை இடம் இருக்கிறது என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான நெருக்கடி வெளியே வரும்.

உறவு நெருடத் தொடங்கியிருப்பதற்கான அடையாளங்களும் இரண்டு பக்கத்திலும் வேறு. ஜெர்மன் பக்கம் அதை நேராகவே எழுதிவிடுவார்கள்: அப்படியென்றால் தேதி என்ன, ஆமா இல்லையா என்று. இந்தக் கேள்வி இரண்டாவது முறை வந்தால் உங்கள் மெயில் போதுமான அளவு நேரடியாக இல்லை. ஜப்பான் பக்கம் மெயிலின் மரியாதை திடீரென்று கூடும், நீளம் குறையும், இதுவரை இல்லாத மேலாளர் ஒருவர் சிசியில் தோன்றுவார். அந்தப் புதுப் பெயரைப் பார்த்த அன்றே போன் செய்யுங்கள்.

படி 7: இரண்டு பேரும் ஒரே மெயிலில் இருந்தால்

கூட்டுத் திட்டங்களில் இது அடிக்கடி வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாணியைத் தேடினால் யாருக்கும் உதவாத மெயில்தான் கிடைக்கும். பொது மெயிலை ஸ்டுட்கார்ட் பாணியில் எழுதுங்கள்: முதல் வரியில் புதிய தேதி, கீழே காரணம், திட்டம், கேள்வி. அதில் யாருடைய குறையையும் பேசாதீர்கள். டிராயிங் விவகாரம் அதில் வரவே கூடாது. தடுப்பு நடவடிக்கை என்ற ஒரு பத்தியை மட்டும் சேர்த்துவிடுங்கள். ஜெர்மானியருக்கு அது கூடுதல் தகவல், ஜப்பானியருக்கு அவசியம்.

அந்தப் பொது மெயில் போவதற்கு முன் நகோயாவுக்குத் தனியாக ஒன்று போக வேண்டும். கூட்டத்தில் ஒரு விஷயம் வரும் முன்பே சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியாகப் பேசி வைப்பது ஜப்பானிய அலுவலகங்களின் வழக்கம். பத்துப் பேர் பார்க்கும் மெயிலில்தான் முதன்முதலாக ஒரு தாமதத்தைத் தெரிந்துகொள்வது அவரை அவருடைய மேலாளர் முன் சங்கடத்தில் விடும். நேரமும் இதற்கு ஒத்துழைக்கிறது. நம்மூரில் காலை 9 மணிக்கு நகோயாவில் பகல் 12.30, ஜெர்மனியில் அப்போது விடியற்காலை 5.30. காலையில் நகோயாவுக்குத் தனி மெயிலோ போனோ. அவர் பதில் சொல்ல இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். அவருடைய பதிலில் தேதியை மாற்றும் அளவுக்கு ஏதாவது இருந்தால் டெஸ்ட் லேபில் பேசித் திட்டத்தைத் திருத்திவிடலாம். நம் நேரம் மதியம் 12.30-க்குப் பொது மெயிலை அனுப்பினால் ஸ்டுட்கார்ட்டில் காலை 9 மணி, நகோயாவில் மாலை 4 மணி. இரண்டு பேரும் அன்றே பதில் எழுத நேரம் இருக்கும்.